திடீர் மூச்சுத்திணறல், குத்தும் நெஞ்சுவலி, இருமலும் காய்ச்சலும் இல்லை: நுரையீரலில் ரத்த உறைவா? கேள்விகளும் பதில்களும்

திடீர்னு மூச்சு வாங்குது. மூச்சை உள்ள இழுத்தா வலது விலாவுல ஊசி குத்தற மாதிரி இருக்கு. இருமல் இல்ல, காய்ச்சலும் இல்ல. என்னவா இருக்கும்?

இன்று தொடங்கியது என்றால் இந்தப் பக்கத்தை முழுக்கப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது யாரையாவது ஓட்டச் சொல்லி அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போவது மட்டும் வேண்டாம். நடுவழியில் தலைசுற்றி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்படி ஒருவர் வந்தால் மருத்துவர்களான எங்கள் மனதில் முதலில் ஓடுவது மூன்று பெயர்கள். ஒன்று மாரடைப்பு. இரண்டாவது, நுரையீரலில் சின்ன ஓட்டை விழுந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று தப்பி, நுரையீரல் சுருங்கிப்போவது. ஒல்லியாக உயரமாக இருக்கும் இளைஞர்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும் இது அதிகம். மூன்றாவது, காலிலிருந்து கிளம்பிய ரத்த உறைகட்டி நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொள்வது. மருத்துவர்கள் இதை பல்மனரி எம்பாலிசம் என்பார்கள். இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் அழற்சி, தொடக்க நிலை நிமோனியா, விலா எலும்புச் சதைப் பிடிப்பு, பதற்றம் எல்லாம் இதற்குப் பிறகு வரிசையில் நிற்கும். அந்த முதல் மூன்றும் உயிருக்கு ஆபத்தானவை, மூன்றுக்குமே நேரம் முக்கியம் என்பதால்தான் இந்த வரிசை. எது அதிகம் பேருக்கு வருகிறது என்று பார்த்தால் வரிசை தலைகீழாகத்தான் இருக்கும்.

முதல் இரண்டும் இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரேயில் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது அப்படி இல்லை. அதை நினைத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அதனால்தான் இந்தப் பக்கம் அதைப் பற்றி.

ஒரு வார்த்தை, "கட்டி" என்ற சொல்லைப் பற்றி. "நுரையீரல்ல கட்டி இருக்கு" என்று சொன்னதும் புற்றுநோய் என்று நினைத்து வார்டு வாசலிலேயே அழுத குடும்பங்கள் உண்டு. இது சதைக்கட்டி இல்லை. ரத்தம் உறைந்து, ஜெல்லி போலத் திரண்டு நிற்பது. அதனால் இங்கே உறைகட்டி என்றே எழுதுகிறேன்.

மூச்சு இழுத்தாத்தான் வலிக்குது, அழுத்தினாலும் லேசா வலிக்குது. வாயுப் பிடிப்புதானே?

நம் ஊரில் எந்த நெஞ்சுவலிக்கும் முதலில் கிடைக்கும் பெயர் வாயு. சோடா, ஓமத்தண்ணி, ஒரு ஜெல் மருந்து என்று அரை நாள் போய்விடும்.

வாயு வயிற்றை உப்பச் செய்யும், நெஞ்சை அடைக்கிற மாதிரியும் இருக்கும். ஆனால் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மூச்சை வேகப்படுத்தாது. பக்கத்தில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணட்டும். எண்ணுவதைச் சொல்ல வேண்டாம், சொன்னால் மூச்சு மாறிவிடும். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். 24, 28 என்று போனால், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லாமல் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினால், அதை வாயுக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

அழுத்தினால் வலிப்பது சதைவலியின் அடையாளம்தான். ஆனால் அதை வைத்து மட்டும் உறைகட்டி இல்லை என்று சொல்ல முடியாது. உறைகட்டி இருப்பவர்களிலும் சிலருக்கு அந்த இடத்தைத் தொட்டால் வலிக்கும்.

இருமலே இல்லாம நுரையீரல்ல எப்படிப் பிரச்சினை வரும்?

நுரையீரலுக்குள் இரண்டு குழாய் வலைகள் ஓடுகின்றன. ஒன்று காற்றுக்கு, இன்னொன்று ரத்தத்துக்கு. இருமலைத் தூண்டும் நரம்புகள் காற்றுக் குழாயின் சுவரில் இருக்கின்றன. சளியோ தூசியோ அங்கே பட்டால் இருமல் வரும். உறைகட்டி அடைப்பது ரத்தக் குழாயை. காற்றுப் பாதை சுத்தமாகத் திறந்தே கிடக்கும். அதனால் நிறைய பேருக்கு இருமல் வருவதில்லை. கிருமி எதுவும் இல்லாததால் பெரிய காய்ச்சலும் இல்லை.

காற்று உள்ளே போகிறது. ஆனால் அந்தப் பகுதிக்கு ரத்தம் வரவில்லை. வந்த காற்றில் இருக்கும் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. ஈடுகட்ட உடம்பு மூச்சை வேகப்படுத்துகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது.

வலி வரும் விதமும் கவனிக்க வேண்டியது. நுரையீரலின் உள்சதைக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் ப்ளூரா என்ற உறையில், நெஞ்சுச் சுவரோடு ஒட்டிய வெளி அடுக்குக்குத்தான் வலி தெரியும். சிறிய உறைகட்டிகள் ஓரத்தில் உள்ள மெல்லிய கிளைகள் வரை போய் அடைக்கும். அங்கே நுரையீரலின் ஒரு துண்டு ரத்தமில்லாமல் அழற்சியாகி உறையை உரசும்; ஒவ்வொரு மூச்சுக்கும் ஊசி குத்தும். நடுவில் உள்ள பெரிய குழாயை அடைக்கும் பெரிய உறைகட்டியில் இந்தக் குத்தல் இல்லாமலே போகலாம். அவர்கள் மூச்சுத்திணறலோடும், சில சமயம் மயங்கி விழுந்தும் வருவார்கள். ஆக, வலி குறைவாக இருப்பது ஆபத்து குறைவு என்பதற்கு அடையாளம் இல்லை.

இருமல் வந்தால் உறைகட்டி இல்லை என்றும் தலைகீழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்கு வறட்டு இருமல் வரும், சிலருக்கு எச்சிலில் ரத்தக் கீற்று தெரியும், லேசான சூடும் இருக்கலாம்.

வலி நெஞ்சுல. டாக்டர் ஏன் காலைத் தொட்டுப் பாக்கறாரு, டேப் வச்சு அளக்கறாரு?

பெரும்பாலான உறைகட்டிகள் பிறப்பது காலில், ஆழத்தில் ஓடும் சிரைகளில். அங்கிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு, வயிற்றின் பெரிய சிரை வழியாக இதயத்தின் வலது பக்கம் ஏறி, நுரையீரலில் போய் நிற்கிறது. இந்தப் பயணத்தை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிண ஆய்வுகளாலும் சோதனைகளாலும் காட்டியவர் ஜெர்மனியின் ருடால்ஃப் ஃபிர்ஹோ. எம்பாலிசம் என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தட்டுப்படும் மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைச் சதைகளையும் சுற்றளவு எடுப்போம். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது பேசும். ஆனால் நிறைய பேருக்குக் கால் பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும்.

அதனால் தொடுவதைவிடக் கேட்பதில்தான் அதிகம் கிடைக்கும். கடந்த 4 வாரத்தில் அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு, படுத்த படுக்கை? சமீபத்தில் பிரசவம்? புற்றுநோய் சிகிச்சை? முன்பு எப்போதாவது காலில் உறைவு? ஹார்மோன் மாத்திரை? நீண்ட விமானப் பயணமோ பேருந்துப் பயணமோ? இவை எரிச்சலூட்டும் கேள்விகள் இல்லை. இவற்றுக்கு வரும் பதில்தான் அடுத்து எந்தப் பரிசோதனை என்று முடிவு செய்கிறது.

வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். ஒரு பக்கக் கெண்டைச் சதை திடீரென வீங்கி வலித்தால், அது என்னவென்று தெரியும் வரை அதன்மேல் அழுத்தித் தேய்ப்பது வேண்டாம்.

எக்ஸ்ரேயும் நார்மல், இ.சி.ஜி.யும் நார்மல்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு விடமாட்டேங்கறாங்க?

அவை நார்மலாக இருப்பதே ஒரு தடயம். எக்ஸ்ரே எடுப்பது உறைகட்டியைப் பார்க்க இல்லை. காற்றுக் கசிவும் நிமோனியாவும் இருக்கிறதா என்று பார்க்க. ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, எக்ஸ்ரே படம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தால் எனக்கு நிம்மதி குறைகிறது, கூடுவதில்லை. இ.சி.ஜி.யில் பலருக்கும் வேகமான துடிப்பு மட்டுமே தெரியும். பாடப்புத்தகத்தில் படித்த உறைகட்டி அடையாளங்கள் எல்லாம் சிறுபான்மையினருக்குத்தான்.

உறைகட்டி இருக்கா இல்லையான்னு எப்படித்தான் முடிவு பண்றீங்க? நேரா ஸ்கேன் எடுத்துடலாமே?

எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்தால் தேவையில்லாத கதிர்வீச்சும், சிறுநீரகத்துக்குச் சாயத்தின் சுமையும் சேரும். ஒன்றுக்கும் உதவாத சந்தேகப் புள்ளிகளும் கிடைக்கும். யாருக்கும் எடுக்காவிட்டால் உயிர் போகும். அதனால் "இது உறைகட்டியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று முதலில் கணிக்கிறோம். பரிசோதனை அதற்குப் பிறகு. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒருவரைச் சொல்கிறேன்.

41 வயதுப் பெண். சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை. ஈரத்தரையில் வழுக்கிக் கணுக்கால் எலும்பு விரிசல், முழங்கால் வரை மாவுக்கட்டு. 18-ஆம் நாள் காலையில் வாக்கர் வைத்துக் குளியலறைக்குப் போகும்போது மூச்சு வாங்கி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வலது விலாவின் அடியில் குத்தல். வீட்டில் வாயு என்று சோடா கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வரும்போது மாலை. நாடித்துடிப்பு 114, மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் 92, ரத்த அழுத்தம் 124/80. எக்ஸ்ரே சுத்தம். இ.சி.ஜி.யில் வேகம் மட்டும்.

கனடாவின் பிலிப் வெல்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2000-ல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. அவசரப் பிரிவுகளில் இன்றும் அது பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. நாடித்துடிப்பு 100-க்கு மேல் என்றால் 1.5. கடந்த 4 வாரத்தில் அறுவை சிகிச்சை, அல்லது மூன்று நாளாவது அசையாமல் கிடந்தது என்றால் 1.5. முன்பு உறைவு வந்திருந்தால் 1.5. எச்சிலில் ரத்தம் 1, புற்றுநோய் 1. காலில் உறைவின் அறிகுறி தெரிந்தால் 3. கடைசியாக, "வேறு எந்த நோயும் இதைவிடப் பொருந்தவில்லை" என்று மருத்துவர் நினைத்தால் 3.

அந்தக் கடைசி வரியைக் கவனித்தீர்களா? எண்களுக்கு நடுவில் ஒரு மனிதரின் அபிப்பிராயத்துக்கு மூன்று மதிப்பெண். இது அறிவியலா என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வரி பிடிக்கும். அனுபவத்தை ஒளித்து வைக்காமல் வெளிப்படையாகக் கணக்கில் சேர்க்கிறது.

இவருக்கு நாடித்துடிப்பு 1.5, மாவுக்கட்டோடு முடங்கியது 1.5, பொருந்தும் வேறு நோய் இல்லை 3. மொத்தம் 6. கோடு 4-ல் இருக்கிறது. 4 அல்லது குறைவு என்றால் வாய்ப்பு குறைவு, டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை போதும். 4-க்கு மேல் என்றால் நேராக ஸ்கேன்.

இங்கே ஒரு விஷயம் எங்களுக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. "ரெண்டு நாளா கட்டு இறுக்கமா இருக்குங்க, கழட்டிப் போடலாம்னு இருந்தோம்" என்று அவருடைய மகள் போகிறபோக்கில் சொன்னார். மாவுக்கட்டைத் திறந்து பார்த்தோம். கெண்டைச் சதை அடுத்த காலைவிட 4 செ.மீ. பெரிது, தொட்டால் வலி. எலும்பு முறிந்த கால் வீங்கும்தான். ஆனால் அந்த வீக்கம் முதல் வாரத்தில் வந்து வடியும். மூன்றாம் வாரத்தில் புதிதாக ஏறினால் வேறு கதை. மதிப்பெண் 9 ஆனது.

ஸ்கேன் அறை கிடைக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். காத்திருக்காமல், ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டோம். ஸ்கேனில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதிக்குப் போகும் இரண்டு கிளைகளில் உறைகட்டி. விலாவை ஒட்டி, ஆப்பு வடிவில் ஒரு சின்ன நிழல். வலி வந்த இடம் அதுதான்.

நானே லேப்ல டி-டைமர் எடுத்துப் பாத்தேன், 640 வந்திருக்கு. 500க்கு மேல போனா உறைவுன்னு போட்டிருக்கே!

உறைந்த ரத்தம் கரையும்போது உதிரும் புரதத் துணுக்குதான் டி-டைமர். உடம்பில் எங்கே உறைந்து கரைந்தாலும் ஏறும். கர்ப்பம், அறுவை சிகிச்சை, தொற்று, புற்றுநோய், அடிபட்ட காயம், வெறும் வயது கூடினால்கூட ஏறும். அதனால் அது அதிகமாக இருந்தால் ஒன்றையும் நிரூபிக்காது. அதன் பலம் இன்னொரு பக்கம்: வாய்ப்பு குறைவு என்று ஏற்கெனவே கணித்த ஒருவருக்கு இது குறைவாகவும் வந்தால், உறைகட்டி இல்லை என்று ஸ்கேன் எடுக்காமலே அனுப்பலாம். மதிப்பெண் அதிகமாக உள்ளவருக்கு இதை எடுத்து, குறைவாக வந்தது என்று வீட்டுக்கு அனுப்புவதுதான் பெரிய தவறு.

உங்கள் 640-க்கு முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வயது. 50 வயதுக்கு மேல் வெட்டுக்கோடு 500 இல்லை. வயதைப் பத்தால் பெருக்க வேண்டும். 68 வயது என்றால் 680. மதிப்பெண் குறைவாக இருக்கும் 68 வயதுக்காரருக்கு 640 என்பது நிம்மதியான முடிவு. அதே 640 ஒரு 35 வயதுக்காரருக்கு வந்தால் அடுத்த கட்டம் ஸ்கேன்.

அடுத்து அலகு. இங்கேதான் நிறைய குழப்பம். சில லேப்கள் எஃப்.இ.யூ. என்ற அலகில் தருகின்றன, சில டி.டி.யூ. என்ற அலகில். முதலாவது இரண்டாவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு காட்டும். எஃப்.இ.யூ.வில் 500 என்பதும் டி.டி.யூ.வில் 250 என்பதும் ஒரே கோடு. இன்னும் சில லேப்கள் 0.5 என்று மைக்ரோகிராமில் போடுவார்கள். "போன லேப்ல 0.6, இந்த லேப்ல 600, ஆயிரம் மடங்கு ஏறிடுச்சு" என்று பதறி வந்த ஒருவருக்கு இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டும் ஒரே அளவு. வயதால் பெருக்கும் கணக்கும் எஃப்.இ.யூ. நானோகிராமுக்குத்தான்.

உறைகட்டி என்ற சந்தேகமே இல்லாதபோது, வெறும் பயத்துக்காக டி-டைமர் எடுக்காதீர்கள். வேறு காரணத்தால் அது ஏறி வரலாம், அப்புறம் ஸ்கேன் வரை இழுத்துக்கொண்டு போகும்.

எனக்கு 24 வயசு. ரத்த டெஸ்ட்கூட எடுக்காம பதற்றம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அலட்சியமா?

அலட்சியமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மருத்துவருக்கே சந்தேகம் குறைவு என்றால் எட்டு விஷயங்களைச் சரிபார்ப்பார். வயது 50-க்குக் கீழ், நாடித்துடிப்பு 100-க்குக் கீழ், ஆக்சிஜன் 95 அல்லது அதற்கு மேல், ஒரு கால் மட்டும் வீங்கவில்லை, எச்சிலில் ரத்தம் இல்லை, முன்பு உறைவு வந்ததில்லை, சமீபத்தில் அறுவை சிகிச்சையோ பெரிய காயமோ இல்லை, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இல்லை. எட்டும் சரி என்றால் ரத்தப் பரிசோதனை எடுக்காமல் விடுவதே சரியான மருத்துவம். ஒன்று தவறினாலும் இந்த வழி பொருந்தாது. உங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்து, காலைப் பார்த்து, மாத்திரை கேட்டிருந்தால் அவர் வேலையைச் செய்திருக்கிறார்.

போன வாரம்தான் நெஞ்சுக்கு சி.டி. எடுத்தோம், நார்மல். மறுபடியும் ஏன் எடுக்கச் சொல்றாங்க?

கோவிட் காலத்துக்குப் பிறகு "சி.டி. செஸ்ட்" என்றாலே நம் ஆட்களுக்கு ஒரே படம்தான் நினைவில். அது சாயம் செலுத்தாமல் எடுப்பது. நுரையீரல் சதையை அழகாகக் காட்டும். ஆனால் ரத்தமும் உறைகட்டியும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். உறைகட்டி கண்ணுக்குப் படாது.

இதற்குத் தேவை சி.டி. பல்மனரி ஆஞ்சியோகிராம். முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடித்த ஊசி போட்டு, அயோடின் கலந்த சாயத்தை வேகமாகச் செலுத்தி, அது நுரையீரல் தமனியை நிரப்பும் அந்தச் சில விநாடிகளில் படம் எடுப்பார்கள். ரத்தம் வெள்ளையாக ஒளிரும். உறைகட்டி அதற்குள் கறுப்புத் துண்டாகத் தெரியும். சாயம் ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும், போயிருக்காது. மூச்சைப் பிடிக்கச் சொல்லும்போது பிடியுங்கள். படம் ஆடினால் ஓரத்துச் சின்னக் கிளைகள் தெரியாமல் போகும். சிறுநீரக நோய், சாய ஒவ்வாமை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை இவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏழு மாசம் கர்ப்பம். ஸ்கேன் எடுத்தா குழந்தைக்கு ஆகாதே?

கர்ப்பத்தில் லேசாக மூச்சு வாங்குவது இயல்பு. திடீரென்று குத்தலோடு வாங்குவது இயல்பில்லை. டி-டைமர் கர்ப்பத்தில் தானாகவே ஏறுவதால் அதை வழக்கம்போல் படிக்க முடியாது. கால் வீங்கியிருந்தால் முதலில், கதிர்வீச்சே இல்லாமல் ஒலி அலையால் கால் சிரைகளைப் பார்க்கும் டாப்ளர் எடுப்போம். அதில் காலில் உறைகட்டி தெரிந்துவிட்டால் நுரையீரலைப் படம் பிடிக்காமலே சிகிச்சை தொடங்கலாம், இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். தெரியாவிட்டால் நெஞ்சு ஸ்கேன் தேவைப்படலாம். குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சு மிகக் குறைவு. கண்டுபிடிக்காமல் விட்ட உறைகட்டியோடு ஒப்பிட்டால் அதைப் பற்றி நான் தயங்க மாட்டேன். சிகிச்சைக்கு ஹெப்பாரின் ஊசி. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. வார்ஃபரினும், உறைவைத் தடுக்கும் புதிய மாத்திரைகளும் கர்ப்பத்தில் கூடாது.

கோயில் விசேஷத்துக்காக பீரியட்ஸ் தள்ளிப்போட மாத்திரை போட்டேன். அதைச் சொல்லணுமா?

சொல்லியே ஆக வேண்டும். "மாத்திரை ஏதாவது போடறீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையைத்தான் நினைக்கிறார்கள். மருந்துக்கடையில் நேரடியாக வாங்கிய மூன்று நாள் மாத்திரை கணக்கில் வருவதே இல்லை. அதில் இருப்பது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன். அந்த அளவில் போடும்போது அதில் ஒரு பங்கு உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. முன்பு உறைவு வராத, வேறு ஆபத்து இல்லாத பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் மாத்திரை போட்ட வாரத்தில் கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, அந்தத் தகவல் ஒன்றே பரிசோதனையின் திசையை மாற்றும். மாமியாரோ மாமாவோ பக்கத்தில் நிற்பதால் சொல்லத் தயங்குகிறீர்கள் என்றால், மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

ஆக்ஸிமீட்டர்ல 97 காட்டுது. காலையில போனாப் போதாதா?

போதாது. சின்ன உறைகட்டியில் உடம்பு மூச்சை வேகப்படுத்தி அந்த 97-ஐத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் துண்டுக்குப் பின்னால் காலில் இன்னொன்று காத்திருக்கலாம்.

ஸ்கேன் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே வயித்துல ஊசி போட்டாங்க. அது சரியா? அந்த ஊசி கட்டியைக் கரைச்சுடுமா?

சந்தேகம் பலமாக இருந்து, ரத்தக்கசிவு ஆபத்து இல்லை என்றால் முதலில் ஊசி போடுவதுதான் முறை. ஆனால் அது கரைக்கும் மருந்து இல்லை. இருக்கும் உறைகட்டி வளராமலும், புதிது உண்டாகாமலும் தடுக்கும். கரைப்பது உங்கள் உடம்பே; அதற்கு வாரங்கள் ஆகும்.

நேரடியாகக் கரைக்கும் மருந்து வேறு இருக்கிறது. ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே விழுந்து, இதயத்தின் வலது பக்கம் தள்ளாடுகிறவர்களுக்கு அது. மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து அதற்கு உண்டு, அதனால் எல்லோருக்கும் கிடையாது. நான் சொன்ன பெண்மணிக்கு எக்கோவில் வலது இதயம் நன்றாகவே இருந்தது, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் சரி. ஆனாலும் நாடித்துடிப்பு 110-ஐத் தாண்டியதால் வீட்டுக்கு அனுப்பவில்லை. எடை 62 கிலோ. ஹெப்பாரின் வகையான எனாக்ஸபாரின் கிலோவுக்கு 1 மி.கி. கணக்கில் 60 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, தொப்புளுக்குப் பக்கத்தில் தோலுக்கடியில். மூன்றாம் நாள் மாத்திரைக்கு மாற்றினோம்.

மாத்திரை எவ்வளவு நாள்? வலி இன்னும் போகலையே?

குறைந்தது மூன்று மாதம். மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை போலக் கண்ணுக்குத் தெரிந்த, முடிந்துபோன காரணம் இருந்தால் அத்தோடு பெரும்பாலும் நிறுத்தலாம். காரணமே இல்லாமல் வந்தால், புற்றுநோய் இருந்தால், இரண்டாம் முறை என்றால் நீளும்.

அந்தப் பெண்மணிக்கு ரிவராக்ஸபான். முதல் மூன்று வாரம் காலையும் இரவும் 15 மி.கி., பிறகு நாளுக்கு ஒருமுறை 20 மி.கி. இதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேருவது குறையும். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர் என்பதால் இரவுச் சாப்பாட்டோடு என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். வார்ஃபரின் கொடுக்கப்பட்டவர்கள், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

விலாவின் குத்தல் அவருக்கு மூன்று வாரம் வரை இருந்தது. உறையின் அழற்சி ஆற அவ்வளவு நாள் ஆவது வழக்கம். அதற்காகக் கடையில் டைக்ளோஃபெனாக்கோ இபுப்ரூஃபனோ வாங்கிப் போட்டுவிடாதீர்கள். உறைவுத் தடுப்பு மாத்திரையோடு சேர்ந்தால் குடலில் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். பாராசிட்டமால் போடலாம். மலம் கறுப்பாகப் போனாலோ, அடிபட்ட தலையில் வலி நின்றுபோகாமல் இருந்தாலோ உடனே வர வேண்டும்.

மூணு மாசம் முடிஞ்சுடுச்சு. மாடிப்படி ஏறினா இன்னும் மூச்சு வாங்குது.

படுத்துக் கிடந்த உடம்பு தளர்ந்திருப்பது முதல் காரணமாக இருக்கலாம். ஆனால் சிலருக்கு உறைகட்டி முழுதாகக் கரையாமல், தமனிச் சுவரில் வடுவாக ஒட்டி, நுரையீரலின் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். அதைப் பார்க்க எக்கோவும், காற்றோட்டத்தையும் ரத்த ஓட்டத்தையும் ஒப்பிடும் வி.க்யூ. ஸ்கேனும் உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் அதே மருத்துவரிடம் பழைய சி.டி. படத்தோடு போங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படம் உள்ள தகடையும் எடுத்துப் போங்கள்.